இரண்டு கன்டாக்டரில் மோட்டாரை முன்னும் பின்னும் ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணே, மோட்டார் எதிர்த்திசையில் சுற்ற எந்த வயரை மாற்றணும்? மூன்றையுமா?

இரண்டை மட்டும். மூன்று பேஸும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்துக்கு வரும் வரிசைதான் மோட்டாருக்குள் காந்தப்புலம் எந்தப் பக்கம் சுற்றும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஏதாவது இரண்டு பேஸை இடம் மாற்றினால் வரிசை தலைகீழாகிவிடும். மூன்றையும் ஒவ்வொரு இடமாக நகர்த்தினால் வரிசை பழையபடியே இருக்கும், மோட்டாரும் பழைய பக்கமே சுற்றும்.

நம் பினாங்குப் பேனல்களில் பெரும்பாலும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வயர் வருகிறது. நான் எப்போதும் இப்படிக் கட்டுவேன். ஃபார்வர்டு கன்டாக்டரில், அதைக் கே1 என்று வைத்துக்கொள்வோம், சிவப்பு யூ-வுக்கும் மஞ்சள் வி-க்கும் நீலம் டபிள்யூ-வுக்கும் போகும். ரிவர்ஸ் கன்டாக்டரான கே2-வில் மஞ்சள் அதே வி-யில் இருக்கும், சிவப்பும் நீலமும் மட்டும் இடம் மாறும். இந்த மாற்றத்தைக் கே2-வின் மேல் பக்கத்திலோ கீழ்ப் பக்கத்திலோ, ஏதாவது ஒரு பக்கத்தில்தான் செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் மாற்றினால் முதல் மாற்றத்தை இரண்டாவது மாற்றம் அழித்துவிடும். எந்தப் பட்டனை அழுத்தினாலும் மோட்டார் ஒரே பக்கம் சுற்றும்.

ஓவர்லோட் ரிலே இரண்டு தேவையில்லை. இரண்டு கன்டாக்டரின் வெளிவயர்களும் ஒன்று சேர்ந்த பிறகு, மோட்டாருக்கு முன்னால் ஒன்று போதும்.

இரண்டு கன்டாக்டரும் ஒரே நேரத்தில் ஏறினால் மோட்டார் எரிந்துவிடுமா?

அடி மோட்டாருக்கு விழாது, பேனலுக்குத்தான் விழும். யூ என்ற முனையைப் பாருங்கள். கே1 அங்கே சிவப்பைக் கொண்டுவருகிறது, கே2 நீலத்தைக் கொண்டுவருகிறது. இரண்டும் மூடியிருந்தால் சிவப்பும் நீலமும் அந்த முனையில் நேருக்கு நேர் சந்திக்கின்றன. டபிள்யூ முனையிலும் இதே கதை. நடுவில் மோட்டார் சுருள் கிடையாது, அதனால் மின்னோட்டத்தைத் தடுக்க கேபிளின் சிறு எதிர்ப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. இரண்டு பேஸுக்கு நடுவே 400 வோல்ட் இருக்கிறது. சப்ளையும் கேபிளும் சேர்ந்த மின்மறுப்பு 0.2 ஓம் என்று வைத்தாலே 2000 ஆம்பியர் பாயும். டிபி பக்கத்தில் இருந்தால் இன்னும் கூடும்.

பிரேக்கர் ட்ரிப் ஆகும்தான். ஆனால் அதற்கு ஆகும் அந்தச் சில மில்லி செகண்டுக்குள் கன்டாக்ட் முகம் உருகிவிடும். பேனல் கதவு திறந்திருந்து முன்னால் ஆள் நின்றால், தெறிக்கும் உலோகமும் ஆர்க்கும் அவர் முகத்துக்குத்தான் வரும்.

இன்டர்லாக் வயர் சரியாக எங்கே உட்கார வேண்டும்?

ஒவ்வொரு கன்டாக்டரின் காயிலுக்கு முன்னாலும் எதிர்க் கன்டாக்டரின் என்சி, அதாவது கன்டாக்டர் ஓய்வில் இருக்கும்போது மூடியிருக்கும் சிறு கன்டாக்ட், உட்கார வேண்டும். கே1 ஏறியிருக்கும்போது அதன் என்சி திறந்து கே2 காயிலின் பாதையை அறுத்துவிடும். கே2 ஏறியிருந்தால் கே1-க்கு அதே நிலை. 230 வோல்ட் காயிலுக்கு முழுப் பாதையும் இதுதான்:

```
L -> MCB 2A -> 95-96 -> STOP -> (FWD || K1 13-14) -> K2 21-22 -> K1 A1-A2 -> N
                        STOP -> (REV || K2 13-14) -> K1 21-22 -> K2 A1-A2 -> N
```

95-96 என்பது ஓவர்லோட் ரிலேயின் என்சி. 13-14 என்பது பட்டனை விட்ட பிறகும் காயிலைப் பிடித்து வைத்திருக்கும் என்ஓ. 21-22 தான் இன்டர்லாக். சில தயாரிப்புகளில் என்சிக்கு வேறு எண் அச்சடித்திருக்கும், அதனால் கன்டாக்டர் முகத்தில் உள்ள எண்ணைப் பார்த்துக் கட்டுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் நிறுத்திப் பாருங்கள். 21-22 பட்டனும் 13-14-ம் சேர்ந்த பிறகு, காயிலின் ஏ1-க்குத் தொட்டடுத்து வர வேண்டும். அதைப் பட்டன் கிளையில் மட்டும் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சாதாரணமாக வேலை செய்யும். ஆனால் கே1 ஓடும்போது யாராவது கே2-வின் முகத்தை ஸ்குரூ டிரைவரால் அழுத்தினால், கே2-வின் 13-14 மூடி, இன்டர்லாக்கைத் தொடாமலே காயிலுக்கு மின்சாரம் போய்விடும்.

ஏ2 முனை நேராக நியூட்ரலுக்குப் போகட்டும். எல்லாக் கன்டாக்டும் பேஸ் பக்கம் இருக்கட்டும். நியூட்ரல் பக்கம் இன்டர்லாக் வைத்தால், அந்த வயர் எங்காவது எர்த்தைத் தொட்ட நொடியில் காயில் எர்த் வழியாக முழுப் பாதையைப் பெற்றுவிடும், இன்டர்லாக் இருந்தும் இல்லாத மாதிரி.

பட்டனிலேயே என்சி இருக்கிறது. ஃபார்வர்டை அழுத்தினால் ரிவர்ஸ் வெட்டுப்படுகிறது. அதுவே போதாதா?

போதாது. பட்டனுக்குத் தெரிவது உங்கள் விரல் எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான். கன்டாக்டர் உண்மையிலேயே திறந்ததா என்பது அதற்குத் தெரியாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், கீழே உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள்.

கன்டாக்டரின் முகம் உருகி ஒட்டிக்கொள்வது அபூர்வமான சம்பவம் இல்லை. அடிக்கடி தட்டித் தட்டி ஓட்டும் இடத்தில் அது வரும் நாள் வந்தே தீரும். ஒவ்வொரு பேஸையும் திறந்து மூடும் மெயின் கன்டாக்டைத்தான் போல் என்கிறோம். மூன்று போலும் ஒட்டினால் ஸ்டாப் அழுத்தியும் மோட்டார் நிற்காது, எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரண்டு போல் ஒட்டினால் மோட்டார் உறுமிக்கொண்டு சூடாகும், அதுவும் தெரியும். ஒரே ஒரு போல் ஒட்டினால்?

ஸ்டாப் அழுத்துகிறீர்கள். மற்ற இரண்டு போலிலும் மின்சாரம் போய்விடுகிறது. மோட்டாருக்கு ஒரே ஒரு பேஸ் மட்டும் வருகிறது, திரும்பிப் போக வழி இல்லாததால் மின்னோட்டமே இல்லை. மோட்டார் அமைதியாக, சரியாக நிற்கிறது. ஓட்டுபவருக்குச் சந்தேகமே வராது. அடுத்து ரிவர்ஸ் அழுத்துகிறார். ஒட்டியிருப்பது கே1-இன் சிவப்புப் போல் என்றால், யூ முனையில் சிவப்பு ஏற்கெனவே காத்திருக்கிறது. கே2 மூடி அதே முனைக்கு நீலத்தைக் கொண்டுவருகிறது. ஷார்ட். நீலப் போல் ஒட்டியிருந்தால் டபிள்யூ முனையில் அதே ஷார்ட். நடுப் போலான மஞ்சள் மட்டும் ஒட்டியிருந்தால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் இரண்டு திசையிலும் மஞ்சள் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஆக மூன்றில் இரண்டு போலில் எது ஒட்டினாலும், சத்தமில்லாமல் நின்ற மோட்டாரின் அடுத்த ரிவர்ஸே வெடிப்பு.

இதைப் பட்டன் என்சியால் தடுக்க முடியாது. கே1-இன் நகரும் பாகம் ஒட்டிய போலால் பிடிபட்டு நிற்பதால், அதோடு சேர்ந்து நகரும் 21-22 திறந்தே இருக்கும். அதுதான் கே2-வை ஏற விடாமல் பிடிக்கும். பட்டன் இன்டர்லாக்கையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பயன் உண்டு. இதற்குப் பதிலாக வைக்காதீர்கள்.

ஃபார்வர்டு நன்றாக ஓடுகிறது, நிற்கிறது. ரிவர்ஸ் மட்டும் ஏறவில்லை. இன்டர்லாக் கன்டாக்ட் போய்விட்டது என்று நினைக்கிறேன். ஜம்பர் போட்டுப் பார்க்கலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். நீங்கள் சொல்லும் இந்த அறிகுறியே கே1-இல் ஒரு போல் ஒட்டியிருக்கிறது என்பதற்கான முதல் அடையாளமாக இருக்கலாம். இன்டர்லாக் கெட்டுப்போகவில்லை, தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு மசாலா மில்லில் எனக்கு இது நேரில் தெரியும். மல்லியை மில்லுக்குள் தள்ளும் திருகுக் கன்வேயர், 4 கிலோவாட் மோட்டார். மழைக்காலத்தில் மல்லி ஈரமாக வந்தால் திருகில் அடைத்துக்கொள்ளும். ஓட்டுபவர் முன்னும் பின்னும் நாலைந்து தடவை தட்டி அடைப்பை எடுப்பார். ஒரு நாள் ரிவர்ஸ் ஏறவில்லை. ஃபார்வர்டு மட்டும் ஓடியது. அங்கே இருந்த பையன் மீட்டர் வைத்துப் பார்த்தான். கே1-இன் 21-22 திறந்திருந்தது, கே1-இன் காயிலுக்கோ மின்சாரம் இல்லை. காயில் விட்ட பிறகும் என்சி திறந்திருக்கிறது என்றால் என்சிதான் பழுது என்று முடிவு செய்து, இரண்டு முனைக்கும் ஒரு துண்டு வயர் போட்டான். மில் முதலாளி தவுக்கே அவசரப்படுத்தியிருப்பார், பையனை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் பார்த்த அளவீடு சரி, அதற்குக் கொடுத்த அர்த்தம்தான் தவறு.

ரிவர்ஸ் அழுத்தியதும் வெடித்தது. பேனல் கதவு மூடியிருந்ததால் யாருக்கும் அடி இல்லை. நான் போய்த் திறந்தபோது கே1-இன் சிவப்புப் போலும் கே2-இல் நீலத்தைக் கொண்டுவந்த போலும் கருகி உருண்டையாக இருந்தன. நடுப் போல் இரண்டிலும் புதிதுபோல் பளபளத்தது. ஓரப் போல் கருகி நடுப் போல் சுத்தமாக இருந்தால், நடந்தது இந்த ஷார்ட்தான் என்று கன்டாக்டரே எழுதி வைத்த மாதிரி.

சரியாகப் பார்க்க வேண்டிய முறை இது. ஐசோலேட்டரை இறக்கிப் பூட்டுப் போடுங்கள், மூன்று பேஸிலும் மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் உறுதி செய்யுங்கள். கே1-இன் முகத்தில் உள்ள சிறு குறி முழுதாக வெளியே வந்திருக்கிறதா பாருங்கள், ஒட்டியிருந்தால் கொஞ்சம் உள்ளே நிற்கும். பிறகு மீட்டரை ஓம் நிலையில் வைத்து ஒவ்வொரு போலிலும் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் அளங்கள். திறந்த போலில் எதுவும் காட்டக் கூடாது. ஏதாவது ஒன்றில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டினால் அது ஒட்டிவிட்டது. மூன்றும் திறந்திருந்து 21-22 மட்டும் மூடவில்லை என்றால்தான் என்சி பழுது. அப்போதும் ஜம்பர் கிடையாது, அந்த பிளாக்கை மாற்றுங்கள்.

எந்த என்சி ஆனாலும் பரவாயில்லையா? முன்னால் மாட்டும் பிளாக் கையில் இருக்கிறது.

மெயின் போலில் ஒன்றாவது மூடியிருக்கும்வரை நிச்சயம் மூடாது என்று தயாரிப்பாளர் உறுதி சொல்லும் என்சியாக இருக்க வேண்டும். இதற்கு மிரர் கன்டாக்ட் என்று பெயர். ஐஇசி 60947-4-1 தரத்தில் இதற்கென்று தனிப் பிற்சேர்க்கை இருக்கிறது. கன்டாக்டரின் தாளில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். உடம்போடு சேர்ந்து வரும் என்சியில் பெரும்பாலும் இருக்கும். மாட்டும் பிளாக்கிலும் பல தயாரிப்புகளில் உண்டு, ஆனால் அதே தயாரிப்பாளரின், அதே வரிசைக் கன்டாக்டருக்கான பிளாக்காக இருக்க வேண்டும். வேறு கம்பெனி பிளாக் உள்ளே உட்கார்ந்தது என்பதற்காக நம்பாதீர்கள். மாட்டிய பிறகு கிளிப் முழுதாக விழுந்ததா என்று இழுத்துப் பாருங்கள், அதிர்வுள்ள மில்லில் பாதி மாட்டிய பிளாக் கழன்று வருவதைப் பார்த்திருக்கிறேன்.

எலக்ட்ரிக்கல் இன்டர்லாக் இருந்தால் நடுவில் வரும் அந்த மெக்கானிக்கல் துண்டு எதற்கு? காசு வீண்தானே?

வீண் இல்லை. இரண்டு கன்டாக்டரும் ஓய்வில் இருக்கும்போது இரண்டு என்சியும் மூடியிருக்கின்றன. அந்த நிலையில் ஒருவர் இரண்டு பட்டனையும் ஒரே நொடியில் அழுத்தினால் இரண்டு காயிலுக்கும் மின்சாரம் கிடைக்கும், இரண்டும் சேர்ந்தே கிளம்பும். போகும் வழியில் என்சிகள் திறந்து ஒன்றை ஒன்று வெட்டும் என்பது உண்மை. ஆனால் வெட்டிய உடனே காயிலின் காந்தம் செத்துவிடாது, நகரும் பாகமும் வேகத்தில் இருக்கிறது. இரண்டும் மூடும் வாய்ப்பு சிறிதாக இருந்தாலும் இருக்கிறது. மெக்கானிக்கல் இன்டர்லாக்கின் நாக்கு ஒன்று உள்ளே போனதும் மற்றதை உடலால் தடுக்கிறது. ஸ்குரூ டிரைவரால் அழுத்துபவரையும் அதுதான் தடுக்கிறது. பட்டன் இன்டர்லாக்கும் இந்த இடத்தில் உதவும், இரண்டையும் அழுத்தினால் எதற்கும் மின்சாரம் போகாது.

தலைகீழாகவும் கேட்பார்கள், மெக்கானிக்கல் மட்டும் போதுமா என்று. அதுவும் சரியில்லை. கே1 ஏறியிருக்கும்போது கே2-வின் காயிலுக்கு மின்சாரம் போனால், அதன் இரும்பு மூட முடியாமல் திறந்தே நிற்கும். ஏசி காயில் இரும்பு மூடிய பிறகுதான் குறைந்த மின்னோட்டத்துக்கு இறங்கும். மூடாமல் நின்றால் பல மடங்கு இழுத்துக்கொண்டே இருந்து கொஞ்ச நேரத்தில் கருகிவிடும். எலக்ட்ரிக்கல் இன்டர்லாக் அந்தக் காயிலுக்கு மின்சாரமே போகாமல் பார்த்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் முழுமை.

பிஎல்சி புரோகிராமில் இன்டர்லாக் எழுதிவிட்டேன். வயரிலும் போடணுமா?

போடணும். பிஎல்சிக்குத் தன் அவுட்புட்டை எப்போது அணைத்தது என்றுதான் தெரியும். அதன் ஒரு ஸ்கேன் சில மில்லி செகண்டில் முடிந்துவிடும். ஒரு அவுட்புட்டை அணைத்து அடுத்த ஸ்கேனிலேயே மற்றதை ஏற்றிவிடும். கன்டாக்டர் விடுபட்டு ஆர்க் அணைவதற்கு அதைவிட நேரம் பிடிக்கும். போல் ஒட்டியிருந்தால் பிஎல்சிக்கு ஒன்றும் தெரியாது. அவுட்புட் ரிலே ஒட்டிக்கொண்டாலும் தெரியாது.

24 வோல்ட் டிசி காயிலில் டயோடு போட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை. டயோடு காயிலில் மிச்சமிருக்கும் மின்னோட்டத்தைச் சுற்ற விட்டுக்கொண்டே இருப்பதால் கன்டாக்டர் விடுபடும் நேரம் பல மடங்கு நீளும். நான் செய்வது: 21-22 இரண்டையும் காயில் வயரில் நேராகப் போடுவேன், புரோகிராமில் அரை செகண்ட் இடைவெளி வைப்பேன், ஒவ்வொரு கன்டாக்டரின் நிலையையும் தனி ஆக்சிலரி வழியாக இன்புட்டில் வாங்குவேன். அவுட்புட் அணைந்து அரை செகண்ட் ஆகியும் ஏறிய நிலை வந்துகொண்டிருந்தால் அலாரம் அடிக்கட்டும்.

ஸ்டாப் அழுத்தாமல் நேராக ரிவர்ஸ் போகிற மாதிரி கட்டலாமா? தவுக்கே வேகமாக வேணும் என்கிறார்.

பட்டன் இன்டர்லாக் சேர்த்தால் மின்சாரக் கணக்கில் முடியும். ரிவர்ஸ் பட்டன் முதலில் கே1-ஐ வெட்டும், கே1 விழுந்து அதன் 21-22 மூடியதும் கே2 ஏறும். மெயின் போல் திறந்த பிறகே என்சி மூடுவதாலும், கே2 மூட இன்னும் பத்து இருபது மில்லி செகண்ட் ஆவதாலும், ஆர்க் அணைய நேரம் கிடைக்கிறது. 50 ஹெர்ட்ஸில் அரைச் சுற்று 10 மில்லி செகண்ட்தான்.

ஆனால் மோட்டார் முழு வேகத்தில் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது எதிர்த்திசைப் புலத்தைக் கொடுத்தால், ரோட்டரில் இறங்கும் வெப்பம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுவதைப்போல நான்கு மடங்கு. சுமையைக் கணக்கில் எடுக்காமல் சுழற்சியை மட்டும் வைத்துச் சொல்கிறேன். பத்து நிமிடத்தில் ஐந்து தடவை திருப்பினால் இருபது ஸ்டார்ட் பண்ணிய சூடு. திருகின் சாவியும் கப்ளிங்கும் வாங்கும் அடி தனி.

மசாலா மில் கன்வேயருக்கு நான் ஸ்டாப் அழுத்தித்தான் திரும்ப வேண்டும் என்றே கட்டினேன். கூடவே 3 செகண்ட் டைமர். தவுக்கேயிடம் கணக்குக் காட்டினேன்: அடைப்பு எடுக்க ஐந்து தடவை திருப்பினால் கூடுதலாக ஆவது 15 செகண்ட். ஒத்துக்கொண்டார்.

4 கிலோவாட் மோட்டாருக்கு 9 ஆம்பியர் கன்டாக்டர் போதும் என்று கடையில் சொன்னார்கள். சரிதானே?

ஒரே பக்கம் ஓடி நிற்கும் பம்புக்குச் சரி. தட்டித் தட்டி ஓட்டும் இடத்துக்குச் சரியில்லை. அந்த மில் மோட்டாரின் தகட்டில் 400 வோல்ட், 8.1 ஆம்பியர். ஸ்டார்ட் ஆகும்போது ஆறரை மடங்கு என்று வைத்தால் சுமார் 53 ஆம்பியர். கடைக்காரர் சொல்வது ஏசி-3 கணக்கு. அதில் கன்டாக்டர் 53 ஆம்பியரை மூடும், ஆனால் மோட்டார் வேகம் பிடித்த பிறகு 8 ஆம்பியரை மட்டும் வெட்டும். தட்டி ஓட்டும்போது மோட்டார் வேகம் பிடிக்கும் முன்பே வெட்டுகிறோம், ஒவ்வொரு தடவையும் 53 ஆம்பியரை வெட்ட வேண்டியிருக்கிறது. அது ஏசி-4 கணக்கு. அந்த மில்லில் கன்டாக்ட் ஒட்டியதற்கு மூலக் காரணம் இதுதான். இரண்டுக்கும் ஏசி-3-இல் 25 ஆம்பியர் அளவு போட்டேன். ஓவர்லோட் மட்டும் தகட்டில் உள்ள 8.1-இலேயே நிற்கும். கன்டாக்டர் பெரிதானது என்று அதை ஏற்றி வைக்காதீர்கள்.

ஓவர்லோட் ரிலே ஷார்ட்டை வெட்டாது என்பதும் நினைவிருக்கட்டும். மேலே பொருத்தமான பிரேக்கரோ பியூஸோ கட்டாயம்.

கட்டி முடித்துவிட்டேன். மெயின் போடும் முன் எப்படிச் சோதிப்பது?

கண்ட்ரோலுக்குத் தனி எம்சிபி இருந்தால் பாதி வேலை சுலபம். மோட்டார் பிரேக்கரை இறக்கிப் பூட்டுங்கள், மெயின் போலின் மேல் முனையில் மின்சாரம் இல்லை என்று பாருங்கள். முதல் சோதனை எந்த மின்சாரமும் இல்லாமல்: கண்ட்ரோலையும் அணைத்து, கே1-ஐக் கையால் உள்ளே தள்ளிப் பிடித்து, கே2-வைத் தள்ளிப் பாருங்கள். முழுதாகப் போகக் கூடாது. மெக்கானிக்கல் சரி.

அடுத்து கண்ட்ரோலை மட்டும் போடுங்கள். ஃபார்வர்டு அழுத்தினால் கே1 ஏறி நிற்க வேண்டும். ஏறியிருக்கும்போது ரிவர்ஸை அழுத்துங்கள், கே2 அசையக் கூடாது. பட்டன் இன்டர்லாக்கும் இருந்தால் கே1 விழுந்து கே2 ஏறும், அதனால் இந்தச் சோதனை அங்கே எதையும் நிரூபிக்காது. பெரும்பாலானோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். போல் ஒட்டிய நிலையை இன்னும் சோதிக்கவில்லை.

கண்ட்ரோலை அணையுங்கள். கே1-இன் ஏ1 வயரைக் கழற்றி, நுனியில் கனெக்டர் மூடி போட்டு ஒதுக்கி வையுங்கள். இப்போது கண்ட்ரோலைப் போட்டு, காப்பிட்ட கருவியால் கே1-ஐ உள்ளே தள்ளிப் பிடியுங்கள். 13-14 மூடுவதால் அந்தக் கழற்றிய நுனியில் 230 வோல்ட் வரும், அதற்குத்தான் மூடி. காயிலில் மின்சாரம் இல்லாமல் கன்டாக்டர் உள்ளே நிற்கிறது, அதாவது ஒட்டிய கன்டாக்டர் நிற்பது போலவே. இப்போது ரிவர்ஸை அழுத்துங்கள். கே2 ஏறவும் கூடாது, உறுமவும் கூடாது. உறுமினால் மெக்கானிக்கல் தடுக்கிறது, எலக்ட்ரிக்கல் தடுக்கவில்லை என்று அர்த்தம். கண்ட்ரோலை அணைத்து வயரைத் திரும்ப மாட்டி, கே2-வுக்கும் இதையே செய்யுங்கள்.

திறந்த பேனலில் செய்யும் வேலை இது. மலேசியாவில் இதைச் செய்ய எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேனோ சார்ஜ்மேனோ இருக்க வேண்டும். மில் சொந்தக்காரர்கள் கதவைத் திறக்காமல், இந்தச் சோதனையைச் செய்தாயா என்று வயர்மேனிடம் கேட்டாலே போதும்.

ஃபார்வர்டு அழுத்தினால் கன்டாக்டர் டக் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. ஏன்?

பெரும்பாலும் என்சி மாறிப்போயிருக்கும். கே1-இன் காயிலில் கே1-இன் சொந்த 21-22 உட்கார்ந்திருக்கும். ஏறுகிறது, தன் பாதையையே வெட்டிக்கொள்கிறது, விழுகிறது, மறுபடி ஏறுகிறது. மெயின் போட்டு இதைச் சோதித்தால் மோட்டார் மின்னோட்டத்தில் போல் படபடத்து அன்றைக்கே ஒட்டிவிடும்.

இன்வெர்ட்டர் போட்ட மோட்டாருக்கும் இப்படித் திருப்பலாமா?

வேண்டாம். இன்வெர்ட்டரே திசையை மாற்றும், ரிவர்ஸ் இன்புட்டுக்கு ஒரு வயர் கொடுத்தால் போதும். அதன் வெளிப்பக்கத்தில் ஓடும்போது கன்டாக்டரைத் திறந்து மூடினால் இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகும், இல்லையென்றால் உள்ளே பழுதாகிவிடும்.

ஷார்ட் ஆகிவிட்டது. கருகிய கன்டாக்டரை மட்டும் மாற்றினால் போதுமா? முகத்தை அரம் போட்டுத் தேய்த்துக்கொள்ளலாமா?

தேய்க்காதீர்கள். முகத்தில் இருப்பது வெள்ளிக் கலவை, தேய்த்தால் அதுதான் போகும், மிச்சம் இன்னும் சீக்கிரம் ஒட்டும். அந்த மில்லில் இரண்டு கன்டாக்டரையும் மாற்றினேன். உங்கள் பேனலில் ஒன்று பார்க்க நன்றாக இருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள், அதே மின்னோட்டம் அதன் வழியாகவும் போயிருக்கிறது. இங்கே ஷார்ட் யூ முனைக்கு முன்னாலேயே நடந்ததால் மோட்டார் தப்பியிருக்கும், ஆனாலும் வயரைக் கழற்றி 500 வோல்ட் மெகரில் எர்த்துக்கு அளந்தேன், நன்றாகவே இருந்தது. முனை இறுக்கங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தேன். பிறகு அந்தப் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கே1-இன் ஏ1 வயரைக் கழற்றி அவன் கையாலேயே ஒட்டிய கன்டாக்டர் சோதனையைச் செய்ய வைத்தேன். ரிவர்ஸை மூன்று தடவை அழுத்தினான். கே2 அசையவில்லை.